பெயர்ச்சொல்லில் தொடங்கி இடப்பக்கம் நடப்பது: ஆங்கிலப் பெயரடைகளின் வரிசை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில் பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. இடிக்கப்படும் வீடுகளின் கதவுகள், தூண்கள், விளக்குகள், அண்டாக்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். எர்ணாகுளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விசாரிக்கிறவர்களுக்குப் படத்தோடு ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புவது, அங்கே வேலை செய்யும் ஒரு தம்பியின் பொறுப்பு. அவன் என் மாலை வகுப்புக்கு வருகிறான். போன மாதம் ஒரு குத்துவிளக்கைப் பற்றி அவன் எழுதியது இது: "பிராஸ் ஓல்ட் கேரளா பிக் லவ்லி ஆயில் லேம்ப்." மறுமுனையில் இருந்த அம்மையார் பதில் எழுதினார்: அந்த "லவ்லி பிக் ஓல்ட் கேரளா பிராஸ் ஆயில் லேம்ப்" இன்னும் விற்காமல் இருக்கிறதா?

"டீச்சர், என் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவர் ஏன் இடம் மாற்றிப் போட்டார்?" என்று கேட்டான்.

அவர் திருத்த நினைத்து மாற்றவில்லை. அவருக்கு அது அப்படித்தான் வாயில் வரும். லவ்லி, பிக், ஓல்ட், கேரளா, பிராஸ் என்ற ஐந்து சொற்களையும் 120 விதமாக அடுக்கலாம். அவற்றில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவரின் காதுக்கு இயல்பாகப் படுவது அநேகமாக ஒன்றே ஒன்றுதான். "பிக் ஓல்ட் பிரவுன் டாக்" என்பதும் அப்படியே. மூன்று சொற்களுக்கு ஆறு வரிசைகள் உண்டு. "பிரவுன் ஓல்ட் பிக் டாக்" என்றாலும் பொருள் புரியும். ஆனால் கேட்கிறவர் ஒரு கணம் தடுமாறி, பிறகுதான் புரிந்துகொள்வார்.

பல பாடநூல்களில் இதற்கு ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது: கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், பொருள், பயன். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். எழுதும் வேளையில் நான்காவது என்ன, ஐந்தாவது என்ன என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். நான் அந்தப் பட்டியலில் தொடங்குவதில்லை. தமிழ் தெரிந்தவருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

அந்தத் தம்பியிடம் விளக்கைத் தமிழில் சொல்லச் சொன்னேன். யோசிக்காமல், "நல்ல பெரிய பழைய கேரளப் பித்தளை விளக்கு" என்றான். ஆங்கிலத்துக்கு வேண்டிய வரிசை அதுவேதான். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும், வாங்குகிறவருக்கு எது முக்கியமோ அதை முதலில் வைக்கவேண்டும் என்று எண்ணி, "பிராஸ்" என்ற சொல்லைத் தலையில் வைத்துவிட்டான். இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். முக்கியமானது முன்னால் என்பது விலைப்பட்டியலுக்குச் சரி. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடுக்கும் சொற்களுக்கு அது பொருந்தாது.

ஆகவே முதல் படி: வலது கோடியில், பெயர்ச்சொல்லில் தொடங்குங்கள். விளக்கு என்றால் "லேம்ப்" என்று எழுதி, அதற்கு இடப்பக்கம் நிறைய இடம் விடுங்கள். இனிமேல் ஒவ்வொரு சொல்லையும் பெயரிலிருந்து இடப்பக்கமாக வைத்துக்கொண்டே போகவேண்டும். எழுதி முடித்தபிறகு வழக்கம்போல இடமிருந்து வலமாகப் படித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படி, பெயரோடு ஒட்டிக்கொள்ளும் சொல் எது என்று பார்ப்பது. இங்கே தமிழ் மிகவும் உதவும். பித்தளைக் குடம், மரப்பெட்டி, இரும்புக் கதவு என்று சொல்லிப் பாருங்கள். பித்தளை, மரம், இரும்பு ஆகிய சொற்கள் பெயரோடு ஒட்டுவதால் நடுவே ஒற்று மிகுகிறது. மரம் தன் "ம்" என்ற எழுத்தையே இழந்துவிடுகிறது. "பெரிய பித்தளைக் குடம்" என்போம். "பித்தளைப் பெரிய குடம்" என்று யாரும் சொல்வதில்லை. எதனால் செய்தது என்பதைச் சொல்லும் சொல் பெயரை விட்டு விலகாது. ஆங்கிலத்திலும் அது அப்படியே பெயருக்குப் பக்கத்தில் நிற்கும்: பிராஸ் லேம்ப், டீக் டோர், அயர்ன் கேட்.

அதைவிட நெருக்கமானது ஒன்று உண்டு. எதற்காக, எந்த வகை என்று சொல்லும் சொல் அது. எண்ணெய் விளக்கு, குடிதண்ணீர்ப் பானை, வேட்டை நாய் என்பவை போல. "ஆயில் லேம்ப்" என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே சொல். அதைப் பிரித்து நடுவில் "பிராஸ்" என்பதை நுழைக்க முடியாது. அந்தத் தம்பி எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்கியும் "ஆயில்" என்ற சொல்லை மட்டும் சரியான இடத்தில் விட்டிருந்தான் என்பதைக் கவனியுங்கள். அது விளக்கின் பெயரில் ஒரு பகுதி என்று அவனுக்குத் தானாகவே தெரிந்திருக்கிறது. இப்போது கையில் இருப்பது "பிராஸ் ஆயில் லேம்ப்".

அடுத்து இடப்பக்கம் ஊர் அல்லது நாடு: "கேரளா பிராஸ் ஆயில் லேம்ப்". அதற்கும் இடப்பக்கம் நிறம் வரும், இருந்தால். பிறகு வயது, அதற்கு அப்பால் அளவு, கடைசியாக நம் கருத்து. விளக்குக்கு நிறம் சொல்லத் தேவையில்லை, பித்தளை என்றாலே நிறம் தெரிந்துவிடும். எனவே "ஓல்ட்", பிறகு "பிக்", பிறகு "லவ்லி". அம்மையார் எழுதியது வந்துவிட்டது.

இது ஏன் இப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது தேநீர்க் கடைச் சோதனை. விளக்கைக் கடை வாசலில் வைத்து, போகிற வருகிற பத்துப் பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இது பித்தளையா? புளி போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பத்துப் பேரும் ஒரே பதில் சொல்வார்கள். கேரள விளக்கா? ஓரிருவர் தயங்கலாம். பழையதா? ஒருவருக்கு முப்பது வருடம் போதும். இன்னொருவர் தன் பாட்டி காலத்துக்குப் போகவேண்டும் என்பார். பெரியதா? கோயில் விளக்கைப் பார்த்துப் பழகியவருக்கு இது சிறியது. அழகா? அங்கே வாக்குவாதமே தொடங்கிவிடும். ஆட்களுக்கு ஆள் பதில் மாறக்கூடிய சொல், பெயரை விட்டுத் தள்ளி நிற்கிறது. யார் பார்த்தாலும் மாறாத சொல் நெருங்கி நிற்கிறது.

இது நானாகக் கண்டுபிடித்த விளக்கம் அல்ல. கிரெகரி ஸ்கோன்ட்ராஸ், யூடித் டேகன், நோவா குட்மன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2017-இல் இதை ஆங்கிலத்தில் சோதித்து வெளியிட்டார்கள். ஒவ்வொரு பெயரடையும் எவ்வளவு தூரம் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்று மக்களிடம் கேட்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். எந்த வரிசை காதுக்கு இயல்பாக இருக்கிறது என்று கேட்டு இன்னொரு கணக்கு எடுத்தார்கள். இரண்டும் நன்றாகப் பொருந்தின. அவர்களுக்கு முன்பே, பொருளின் உள்ளார்ந்த தன்மையைச் சொல்வது பெயருக்கு அருகில் வரும் என்று மொழியியலார் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுசேர்க்கின்றன.

ஆனால் இந்தச் சோதனை ஓர் இடத்தில் தெளிவான பதில் தராது. அளவும் வயதும் இரண்டுமே ஆளுக்கு ஆள் மாறுபவை. எது அதிகம் மாறும் என்று தேநீர்க் கடையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. தமிழும் இங்கே கைகொடுக்காது. "பெரிய பழைய வீடு" என்றாலும் "பழைய பெரிய வீடு" என்றாலும் நமக்கு உறுத்தவில்லை. ஆங்கிலத்தில் "பிக் ஓல்ட் ஹவுஸ்" மட்டுமே இயல்பானது. நம் மாணவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். ஆகையால் இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: பிக் ஓல்ட், ஸ்மால் நியூ, லிட்டில் ஓல்ட். அளவு எப்போதும் வயதுக்கு இடப்பக்கம்.

தமிழ் நம்மை வழிதவறச் செய்யும் இடம் ஒன்றும் இருக்கிறது. அது நிறம். "கறுப்பு நாய்" என்னும்போது கறுப்பு என்பது பெயர்ச்சொல். நாயோடு சேர்ந்தே நிற்கும். "பெரிய கறுப்பு நாய்" என்று இயல்பாகச் சொல்வோம். ஆனால் "கறுத்த" என்பது வினையிலிருந்து வந்த சொல். அது எங்கும் உட்காரும். "அந்தக் கறுத்த பெரிய நாய்" என்பதில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. அதை அப்படியே மாற்றினால் "பிளாக் பிக் டாக்" வந்துவிடும். இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி எளிது. கறுத்த, வெளுத்த, சிவந்த என்று மனத்தில் தோன்றினால், முதலில் அதைக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மாற்றிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். ஒட்டும் சொல்லாக மாற்றியவுடன் அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். எங்கள் எல்லைப் பகுதியில் பாதிப் பேருக்கு மாடு தெரியும். நிறத்துக்கு மயிலை, செவலை, காரி என்று தனிச் சொற்களே வைத்திருக்கிறோம். "காங்கேயம் மயிலைக் காளை" என்போம். இனம் முதலில், நிறம் பிறகு. நமக்கு மயிலை என்பது வெறும் நிறம் அல்ல, காங்கேயத்துக்குள் ஒரு வகை. அதனால் காளையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த எண்ணம் இல்லை. நிறம் நிறம்தான், ஊர்ப்பெயரும் இனப்பெயரும்தான் ஒட்டும். "எ பிக் கிரே காங்கேயம் ஆக்ஸ்" என்று எழுதவேண்டும். ஒரு மொழிக்காரர் எதை வகை என்று நினைக்கிறாரோ அது பெயரை ஒட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. மலையாளத்திலும் தெலுங்கிலும் பெயரடை பெயருக்கு முன்னால்தான் வருகிறது. எனவே அந்த மொழிகளில் படித்துவிட்டு இங்கே வருகிற பிள்ளைகளுக்கும் இந்த வழி பொருந்தும்.

மூன்றாவது படி, இடது கோடியை மூடுவது. எண், "மை" போன்ற உடைமைச் சொல், "தி", "எ" ஆகியவை எல்லாப் பெயரடைகளுக்கும் இடப்பக்கம் வரும். "பெரிய இரண்டு விளக்குகள்" என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் "டூ பிக் லேம்ப்ஸ்" என்றே வரும். "எ", "அன்" என்ற இரண்டில் எது என்பதைப் பெயர்ச்சொல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடனே அடுத்து வரும் சொல்லின் ஒலியைப் பாருங்கள். "அன் ஓல்ட் பிராஸ் லேம்ப்" என்று எழுதியபிறகு இடப்பக்கம் "பிக்" சேர்த்தால், "எ பிக் ஓல்ட் பிராஸ் லேம்ப்" என்று மாற்றவேண்டும். பெயரடையைச் சேர்த்துவிட்டு இதை மாற்ற மறப்பவர்கள் பலர். அதனால்தான் இந்த வேலையைக் கடைசியில் செய்யச் சொல்கிறேன்.

காற்புள்ளி பற்றியும் சொல்லவேண்டும். "பிக் ஓல்ட் பிரவுன் டாக்" என்பதில் காற்புள்ளி கிடையாது. மூன்றும் மூன்று வெவ்வேறு வகைச் சொற்கள்; ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. முதலில் நாய், பிறகு பழுப்பு நாய், அந்தப் பழுப்பு நாய்க்கு வயதாகிவிட்டது, அப்படிப்பட்ட நாய் பெரியது. ஒரே வகைச் சொற்கள் இரண்டு வந்தால்தான் காற்புள்ளியோ "அண்ட்" என்பதோ வேண்டும். உதாரணமாக, குணத்தைச் சொல்லும் இரண்டு சொற்கள்: "எ கைண்ட், பேஷன்ட் டாக்". நடுவே "அண்ட்" போட்டாலும் சரி, முன்பின் மாற்றினாலும் சரி, கெடாது. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். "எ பிராஸ் அண்ட் ஆயில் லேம்ப்" என்று சொல்லிப் பாருங்கள், சொற்றொடர் உடைந்துவிடும். அப்படியானால் காற்புள்ளி வேண்டாம். இரண்டு நிறங்கள் மட்டும் "அண்ட்" கேட்கும்: "எ பிளாக் அண்ட் ஒயிட் கௌ".

இதைத் திருப்பிப் போட்டால் தவறைக் கண்டுபிடிக்கும் வழியும் கிடைத்துவிடும். எழுதியதை உரக்கப் படியுங்கள். இரண்டு பெயரடைகளுக்கு நடுவே மூச்சை நிறுத்தி ஒரு காற்புள்ளி போடத் தோன்றினால், இரண்டும் ஒரே வகையா என்று பாருங்கள். ஒரே வகை இல்லை என்றால் வரிசை புரண்டிருக்கிறது. "பிரவுன், பிக் டாக்" என்று படிக்கும்போது அந்த நிறுத்தம் தெளிவாகத் தெரியும். "பிரவுன்" கேட்டவுடன் நாய் வரும் என்று காது காத்திருக்கிறது. "பிக்" வந்து வழியை மறிக்கிறது.

நான்காவது படியை நான் மிகவும் வலியுறுத்துவேன்: மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். விளக்குக்கு ஐந்து சொற்கள் வந்தது விற்பனை விளம்பரம் என்பதால். அன்றாட ஆங்கிலத்தில் இரண்டு போதும், மூன்றே அதிகம். மிச்சத்தைப் பெயருக்குப் பின்னால் அனுப்பலாம், அல்லது தனி வாக்கியமாக்கலாம். "தி டாக் இஸ் பிரவுன், ஓல்ட் அண்ட் பிக்" என்று "இஸ்" போட்டுச் சொல்லும்போது வரிசை அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. வரிசையில் ஐயம் வந்தால் இது நல்ல புகலிடம்.

தமிழில் பெயருக்கு முன்னால் ஒரு வாக்கியத்தையே வைக்கலாம். "தாத்தா திருச்சூரில் வாங்கிய பழைய விளக்கு" என்கிறோம். ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால் போகவேண்டும்: "அன் ஓல்ட் லேம்ப் மை கிராண்ட்ஃபாதர் பாட் இன் திருச்சூர்". "வாங்கிய", "கொண்டுவந்த", "வைத்திருந்த" என்று முடியும் சொற்களை, யார், எங்கே, எப்போது என்ற விவரத்தோடு முன்னால் அடைக்க முயலும்போதுதான் நம் வாக்கியங்கள் சிக்கிக்கொள்கின்றன.

விதி தளரும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கும்போது குழம்பாமல் இருக்கலாம். கருத்துக்கும் அளவுக்கும் நடுவே வேலி உயரமில்லை. "பியூட்டிஃபுல் பிக் ஹவுஸ்", "பிக் பியூட்டிஃபுல் ஹவுஸ்" இரண்டையும் கேட்கலாம். வடிவத்தின் இடம் பற்றி நூல்களிலேயே வேறுபாடு உண்டு. வயதுக்குப் பின், நிறத்துக்கு முன் வைத்தால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். சிறுவர் கதைகளில் வரும் ஓநாய் "பிக் பேட் வுல்ஃப்". கருத்து முன்னால் வரவேண்டும் என்றால் "பேட் பிக் வுல்ஃப்" ஆகியிருக்கும். அங்கே ஒலி வென்றுவிட்டது: இகரம் முதலில், பிறகு மற்ற உயிர் என்ற ஓட்டம். "டிக் டாக்", "ஜிக் ஜாக்" எல்லாம் அந்த ஓட்டம்தான்.

"ஓல்ட்" என்ற சொல்லும் எப்போதும் வயதைக் குறிக்காது. "ஓல்ட் ஃபிரெண்ட்" என்றால் வயதான நண்பர் அல்ல, நெடுநாள் நண்பர். அப்போது அந்தச் சொல் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. பொருள் மாறினால் இடமும் மாறுகிறது. பல பெரிய நாய்களுக்கு நடுவே ஒன்றைச் சுட்டிக்காட்டும்போது "தி பிரவுன் பிக் டாக்" என்று நிறத்தை அழுத்திச் சொல்வதும் உண்டு. அங்கே பெரிய நாய்கள் என்பது முன்பே முடிவாகிவிட்டது, நிறம்தான் பிரிக்கிறது. பேச்சில் குரல் அதைக் காட்டிவிடும். எழுத்தில் குரல் இல்லாததால், தொடக்கத்தில் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

சென்ற வாரம் அந்தத் தம்பி ஒரு கதவின் படத்தோடு வந்தான். தாளில் குறித்திருந்த விவரங்கள்: தேக்கு, பழையது, பெரியது, பழுப்பு நிறம், கையால் செதுக்கியது, திருச்சூரில் ஒரு வீட்டிலிருந்து எடுத்தது. வலது கோடியில் "டோர்" என்று எழுதினான். ஒட்டும் சொல் எது என்று கேட்டேன், "டீக்" என்றான். பழுப்பு நிறத்தைத் தானே அடித்துவிட்டான், தேக்குக் கதவு வேறு என்ன நிறத்தில் இருக்கும் என்று. "ஓல்ட்", பிறகு "பிக்", கடைசியில் "எ". செதுக்கு வேலை முன்னால் போகுமா, பின்னால் போகுமா என்று சற்று யோசித்தான். கையால் என்ற விவரம் கூட வருவதால் பின்னால் வைப்பது சுலபம் என்று முடிவு செய்தான். வீட்டிலிருந்து எடுத்ததும் அதோடு பின்னால் போய்விட்டது. அன்று மாலை அவன் அனுப்பிய வரி: "எ பிக் ஓல்ட் டீக் டோர், கார்வ்ட் பை ஹேண்ட், ஃப்ரம் எ ஹவுஸ் இன் திருச்சூர்."